S-23 பத்து நிமிடம், A-12 அரை மணி: சேலத்துக் கிளை ஒன்றின் டோக்கன் வரிசை

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை ஒன்றில் பற்றவைப்பு வேலை செய்கிற பெண் அவர். நவம்பர் மாதத்தின் முதல் வேலைநாளில், நகைக் கடனுக்கு வட்டி கட்டுவதற்காக எங்கள் கிளைக்கு வந்தார். காலை 10:52க்கு டோக்கன் எடுத்தார். சீட்டில் A-12 என்று இருந்தது. பணத்தையும் நகைக் கடன் அட்டையையும் கையில் பிடித்துக்கொண்டு கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தவரை, 12:11க்குத்தான் கவுன்ட்டருக்கு அழைத்தோம். அதற்குள் அவருக்கு அரைநாள் கூலி போய்விட்டது.

பன்னிரண்டு மணி வாக்கில் என் மேசைக்கு வந்து அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"சார், எனக்குப் பின்னாடி வந்தவங்க முப்பது பேருகிட்டப் போயிட்டாங்க. என் நம்பரு செத்துப் போச்சுங்களா?"

அப்போது நான் அந்தக் கிளையில் துணை மேலாளர். டோக்கன் இயந்திரம் என் பொறுப்பில் இருந்தது. "பெரியவங்க நிறைய வந்திருக்காங்கம்மா, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினேன். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது பதிலும் இல்லை என்பது, அன்று மாலை இயந்திரத்தின் பதிவை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. டெல்லர் யாரும் தவறு செய்யவில்லை. இயந்திரமும் பழுதாகவில்லை. நாங்கள் அதற்குச் சொல்லிவைத்திருந்த விதியை அது எழுத்துப் பிசகாமல் செய்திருந்தது.

பித்தளை வில்லையிலிருந்து S வரிசை வரை

முன்பெல்லாம் வங்கியில் டோக்கன் என்றால் எண் பொறித்த பித்தளை வில்லை. பணம் எடுக்கும் படிவத்தையோ காசோலையையோ கொடுத்தால் வில்லை கைக்கு வரும். காகிதம் லெட்ஜர் குமாஸ்தாவிடம் போய், அதிகாரி கையெழுத்துப் போட்டு, கேஷியரிடம் வந்து சேரும். கேஷியர் எண்ணைக் கூப்பிடுவார். வாடிக்கையாளரின் காகிதம் எந்த மேசையில் இருக்கிறதோ அதுதான் அவருடைய வரிசை. கணினி வந்து, ஒரே டெல்லர் வாங்கவும் கொடுக்கவும் செய்கிற ஒற்றைச் சாளர முறை வந்ததும் காகிதம் சுற்றுவது நின்றது. டோக்கன் என்பது ஆள் நிற்கிற வரிசைக்கான சீட்டாக மாறியது.

எங்கள் கிளையில் ரொக்கத்துக்கு இரண்டு கவுன்ட்டர்கள். வாசலருகே உள்ள இயந்திரத்தில் பொது வரிசையை அழுத்தினால் A, மூத்த குடிமக்கள் என்று அழுத்தினால் S. மூத்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிக் கவுன்ட்டரோ முன்னுரிமை தரும் கவுன்ட்டரோ தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்குச் சொல்லியிருந்தது. இரண்டே கவுன்ட்டர் உள்ள இடத்தில் ஒன்றை முழுக்க ஒதுக்கினால், மூத்தவர் யாரும் இல்லாத நேரத்தில் அது சும்மா கிடக்கும். அதனால் இரண்டு கவுன்ட்டரும் இரண்டு வரிசையையும் அழைக்கும்படி வைத்தோம்.

டெல்லர் ஒரு வேலையை முடித்ததும் நெக்ஸ்ட் அடிப்பார். அந்த நொடியில் அடுத்தவர் யார் என்பதை டெல்லர் முடிவு செய்வதில்லை, விதிதான் முடிவு செய்கிறது. எங்கள் விதி இதுதான்: S வரிசையில் ஒருவராவது இருந்தால் அவரைக் கூப்பிடு, யாரும் இல்லாவிட்டால் மட்டும் A. மாதத்தின் நடுவில் இதனால் யாருக்கும் சிரமம் இல்லை. மணிக்கு இருபத்திரண்டு பேர் வருவார்கள், அதில் மூத்தவர்கள் ஆறு பேர். ஒருவருக்குச் சராசரியாக நான்கு நிமிடம் என்றால் இரண்டு கவுன்ட்டரும் சேர்ந்து மணிக்கு முப்பது பேரைப் பார்க்கும். ஆறு பேர் முன்னால் போனாலும் மற்றவர்களுக்குத் தாராளமாக இடம் இருந்தது.

நவம்பர் முதல் நாள் என்ன நடந்தது

நவம்பர் என்றால் மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று கொடுக்கிற மாதம். அதோடு மாத முதலில் பென்ஷன் எடுக்க வருகிற கூட்டமும் சேரும். உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், ரயில்வேக்காரர்கள், ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் என்று காலை பத்து மணிக்கே நாற்காலிகள் நிறைந்துவிட்டன.

பத்திலிருந்து பன்னிரண்டு வரை S வரிசைக்கு மணிக்கு 26 பேர், A வரிசைக்கு 14 பேர் வந்ததாகப் பதிவு சொல்கிறது. கவுன்ட்டர்களால் பார்க்க முடிந்தது 30 பேரை. விதிப்படி 26 இடங்கள் S வரிசைக்குப் போய்விட, மிச்சம் நான்கு. அந்த நான்கு இடத்துக்குப் பதினான்கு பேர். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்துப் பேர் தேங்கினார்கள்.

A-12 டோக்கன் எடுத்தபோது A வரிசையில் அவருக்கு முன்னால் எட்டுப் பேர்தான். பார்க்கச் சின்ன வரிசை. ஆனால் அது மணிக்கு நான்கு பேர் வேகத்தில் நகர்ந்தது. பன்னிரண்டு மணிவரை மொத்தம் எட்டு A டோக்கன்களே அழைக்கப்பட்டன. அதன் பிறகு மூத்தவர்கள் வருவது மணிக்குப் பத்தாகக் குறையவும்தான் A வரிசை ஓடத் தொடங்கியது. அவர் முறை வந்தது அப்போதுதான்.

அதே 10:52க்கு S-23 எடுத்த பெரியவர் நான்கு நிமிடத்தில் கவுன்ட்டரில் இருந்தார். முன்னுரிமை என்றால் சில நிமிடம் முந்துவது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எங்கள் விதியிலோ முந்துவதற்கு எல்லையே இல்லை. மூத்தவர்கள் வந்துகொண்டே இருந்தால் A வரிசை கொள்கையளவில் நாள் முழுக்க நிற்கலாம்.

இந்தப் பழுதைச் சராசரியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அன்றைய சராசரிக் காத்திருப்பு மோசமில்லை, ஏனென்றால் நான்கு நிமிடத்தில் போனவர்கள் ஐம்பதுக்கும் மேல். ஒவ்வொரு வரிசையிலும் மிக அதிகமாகக் காத்திருந்தவர் யார், எவ்வளவு நேரம் என்று தனித்தனியாக எடுத்துப் பார்த்தபோதுதான் அந்த 79 நிமிடம் கண்ணில் பட்டது.

ஒன்றுக்கு ஒன்று: நாங்கள் செய்யவிருந்த அடுத்த தவறு

எல்லோருக்கும் முதலில் தோன்றிய திருத்தம், ஒரு S, ஒரு A என்று மாறி மாறி அழைப்பது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இயந்திரத்திலும் அந்த வசதி இருந்தது. மாற்றுவதற்கு முன் அதே நாளின் பதிவைக் காகிதத்தில் இந்த விதிப்படி ஓட்டிப் பார்க்கலாம் என்றார் எங்கள் மூத்த டெல்லர் அக்கா. அவர் சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று.

மாறி மாறி அழைத்தால் A வரிசைக்கு மணிக்கு 15 இடம் கிடைக்கிறது. வருவது 14 பேர். ஆக A வரிசை காத்திருக்கவே வேண்டாம், வந்ததும் போகலாம். மிச்சம் 16 இடத்துக்கு 26 மூத்தவர்கள் நிற்பார்கள். 10:52க்கு வந்த S-23 பெரியவர் முப்பது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க, அவருக்குப் பின்னால் வந்த இளைஞர் நேராகக் கவுன்ட்டருக்குப் போயிருப்பார். மூத்தவர் என்று அழுத்தியதே அவருக்குத் தண்டனையாக முடிந்திருக்கும்.

எந்த விகிதத்துக்கும் இதே சிக்கல் உண்டு. அது வருகிறவர்களின் கலவையைப் பொறுத்தது. சாதாரண நாளுக்குப் பொருந்துகிற விகிதம் பென்ஷன் நாளில் தலைகீழாகிறது. மகளிர் உரிமைத்தொகை வருகிற 15ஆம் தேதியன்று கலவை மறுபடி வேறு, அன்று A வரிசை பிதுங்கும். தேதிக்குத் தேதி விகிதத்தை மாற்றிக்கொண்டே இருப்பது நடக்கிற காரியமா?

நிமிடச் சலுகை

கடைசியில் பிடித்த வழி எளிமையானது. வரிசையை இரண்டாக நினைப்பதை விட்டோம். எல்லா டோக்கனும் ஒரே வரிசை, எடுத்த நேரப்படி. மூத்தவரின் டோக்கனை மட்டும், அவர் 15 நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார் என்று வைத்துக் கணக்கிட வேண்டும். 10:52க்கு எடுத்த S-23, 10:37க்கு எடுத்ததாகக் கொள்ளப்படும். நெக்ஸ்ட் அடித்தால் இருப்பவர்களில் மிகப் பழைய நேரம் உடையவர் வருவார். எங்கள் இயந்திரத்தின் அமைப்பில் வரிசை வாரியாக நிமிடம் கூட்டுகிற இடம் ஏற்கெனவே இருந்தது, சுழியத்தில் கிடந்தது.

நவம்பர் பதிவை இந்த விதியில் ஓட்டினால் S-23 பத்து நிமிடத்தில் போகிறார், A-12 அரை மணியில். யாருக்கும் சலுகையே இல்லாமல் ஒரே வரிசையாக நின்றிருந்தால் இருவருமே ஏறக்குறைய 17 நிமிடம் நின்றிருப்பார்கள். பெரியவருக்கு ஏழு நிமிட ஆறுதல், அதற்காக மற்றவர் பதின்மூன்று நிமிடம் கூடுதலாகக் கொடுக்கிறார். இது கொடுக்கத் தக்க விலை என்பது என் எண்ணம். முக்கியமாக, எவ்வளவு கூட்டம் வந்தாலும் ஒருவரைவிடப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்த யாரும் அவரை முந்த முடியாது. அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்விக்கு இப்போது சொல்லப் பதில் உண்டு: "உங்களுக்கு அப்புறம் கால் மணிக்குள் வந்த பெரியவங்க மட்டும்தான் உங்களுக்கு முன்னாடி போவாங்க."

பென்ஷன் நாளில் அறுபது கடந்தவர்களே பாதிக்கு மேல் இருப்பதால், அவர்களுக்குள் யார் உண்மையிலேயே உட்கார முடியாதவர் என்பது காணாமல் போகிறது. நடைக்கோல் பிடித்தவர், பார்வையில்லாதவர், மிகவும் முதியவர், கைக்குழந்தைக்காரர் ஆகியோருக்கு மட்டும் 30 நிமிடச் சலுகையோடு மூன்றாவது பொத்தான் வைத்தோம். மேலே சொன்ன பதினைந்து நிமிட எல்லைக்கு இவர்கள் விதிவிலக்கு. அதை வாடிக்கையாளர் அழுத்தக்கூடாது, வாசலில் நிற்கும் காவலர்தான் அழுத்துவார். யாரிடமும் சான்று கேட்கவில்லை. வயதைக் காட்டச் சொல்லி ஒருவரை வாசலில் நிறுத்துவதைவிட, நாளுக்கு இரண்டு பேர் தகுதியில்லாமல் முந்துவது மேல்.

கூப்பிட்டும் வராத எண்கள்

பதிவில் இன்னொன்றும் தெரிந்தது. இரண்டாம் கவுன்ட்டரில் சில S டோக்கன்களின் சேவை நேரம் இருபது விநாடி என்று இருந்தது. இருபது விநாடியில் எந்த ரொக்க வேலையும் முடியாது. அவை எல்லாம் கூப்பிட்டு, ஆள் வராததால் தாண்டப்பட்ட எண்கள்.

அதில் ஒருவர் உருக்காலையில் ஓய்வு பெற்ற பெரியவர், எண்பதை நெருங்குகிறவர், காது மந்தம். அவர் எண்ணை ஒலிபெருக்கி முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் சொன்னது. சுவர்த் திரையில் எண் மாறியது. அவர் கைப்பையை எடுத்து, நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நடக்கத் தொடங்குவதற்குள் டெல்லர் இரண்டு முறை திரும்ப அழைத்து அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார். கவுன்ட்டருக்கு வந்து சேர்ந்தபோது திரையில் வேறு எண்.

"ஏனுங்க தம்பி, என் நம்பரு போயிருச்சுங்களா? நான் இங்கதானுங்களே இருந்தேன்?"

டெல்லரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொறுமையிழந்த கூட்டம் எதிரே நிற்கும்போது காலியான கவுன்ட்டர் முன் உட்கார்ந்திருப்பது எளிதல்ல. வரிசையில் முன்னே கொண்டுவந்து, நடக்க நேரம் தராமல் தாண்டிவிட்டால் அந்த முன்னுரிமை அவருக்கு எதற்கு? S டோக்கனுக்குக் குறைந்தது 60 விநாடி கழித்தே தாண்டும் பொத்தான் வேலை செய்யும்படி மாற்றினோம். திரையில் அழைக்கப்படும் எண்ணுக்குக் கீழே அடுத்து வரப்போகும் இரண்டு எண்களும் தெரியும்படி வைத்தோம். பெரியவர்கள் தயாராக எழுந்து நிற்க அது உதவியது. தாண்டப்பட்டவர் மீண்டும் வந்தால் புது டோக்கன் எடுக்க வேண்டாம், பழைய நேரத்தோடே வரிசையில் சேர்த்துவிடலாம். இந்த ஏற்பாடுகளில் அதிகம் பயன்பட்டது கடைசியில் சொன்னதுதான்.

அவசரம் என்று வருகிறவர்கள்

மூப்பு வாசலிலேயே கண்ணுக்குத் தெரியும். அவசரம் அப்படியல்ல, யாராவது பேசினால்தான் தெரியும். அதனால் அதை இயந்திரத்தில் பொத்தானாக வைக்கவில்லை. வைத்தால் எல்லோரும் அழுத்துவார்கள், அதில் தப்பும் இல்லை, அவரவருக்கு அவரவர் அவசரம்.

ஒரு வகையினருக்கு மட்டும் டோக்கனே கூடாது என்று முடிவெடுத்தோம். கணக்கிலிருந்து மோசடியாகப் பணம் போய்க்கொண்டிருக்கிறது என்று ஓடி வருகிறவர்கள். அவர்களுக்கு ரொக்கக் கவுன்ட்டரால் பயனில்லை. கணக்கையும் அட்டையையும் உடனே முடக்க வேண்டும், 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் புகார் போக வேண்டும். அங்கே நிமிடம்தான் பணம். ஒருமுறை ஒருவர் டோக்கன் எடுத்துவிட்டு இருபது நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருந்தார், தன் முறை வரட்டும் என்று. அவர் கணக்கில் அந்த நேரத்திலும் பணம் போயிருக்கிறது. அதன் பிறகுதான், டோக்கன் இயந்திரத்தின் மேலேயே பெரிய எழுத்தில் ஒட்டினோம்: "பணம் மோசடியாகப் போனதா? டோக்கன் வேண்டாம், நேராக அதிகாரியிடம் வாருங்கள்."

மற்ற அவசரங்களை என் மேசையிலிருந்து கையால் சேர்த்தேன். ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்ட வேண்டியவர், சாவு வீட்டிலிருந்து வந்தவர். கவுன்ட்டரில் இருப்பவரின் வேலை முடிந்த பிறகே அழைப்பது, ஏன் என்று ஒரு வரி பதிவில் எழுதுவது, கூடத்தில் வாய்விட்டுச் சொல்வது. "ஆஸ்பத்திரிக்குப் பணம் எடுக்க வந்திருக்காருங்க, ஒருத்தரை மட்டும் விடுறோம்" என்று சொன்ன எந்த நாளிலும் யாரும் சண்டைக்கு வந்ததில்லை. சொல்லாமல் விட்ட நாளில்தான் வாக்குவாதம் வந்தது.

தீர்மானிக்கக் கடினமாக இருந்தது ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் விஷயம். "பஸ்ஸு போயிருமுங்க" என்பார்கள். அந்தப் பேருந்தை விட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் நிற்க வேண்டியவர்கள் உண்டு. அதை அவசரம் என்று எழுதிச் சேர்க்க முதலில் தயங்கினேன். பிறகு பேருந்து நேரத்தைக் கேட்டு, அதற்குள் முறை வராது என்று தெரிந்தால் மட்டும் சேர்த்தேன்.

வரிசையால் தீராத பங்கு

நாற்பது பேர் வந்து முப்பது பேருக்கு இடம் இருந்தால் எந்த விதியும் அந்தப் பத்துப் பேரை மாயமாக்காது. காத்திருப்பை யார் தலையில் வைப்பது என்பதை மட்டுமே விதி முடிவு செய்யும். அதனால் கூட்ட நாள்கள் இரண்டில், டோக்கன் எடுக்கிற ஒவ்வொருவரிடமும் எதற்கு வந்தீர்கள் என்று காவலரைக் கேட்கச் சொன்னோம். மூத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானவர்கள் பணம் எடுக்கவே வரவில்லை. பென்ஷன் ஏறிவிட்டதா என்று பாஸ்புக்கில் பதியவும், வாழ்நாள் சான்று கொடுக்கவும்தான் வந்து ரொக்க வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வாசலருகே ஒரு மேசை, பாஸ்புக் அச்சு இயந்திரம், உதவிக்கு ஓர் ஊழியர் என்று மாத முதல் மூன்று நாள்களுக்கு மட்டும் போட்டோம். மணிக்கு எட்டு டோக்கன் குறைந்தால் நாற்பது முப்பத்திரண்டாகிறது, கவுன்ட்டர்கள் அதை ஏறக்குறையத் தாங்கிவிடும். எழுபது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்துகொடுக்கும் சேவை உண்டு என்பதையும் அந்த மேசையில்தான் சொன்னோம். பலருக்கு அது அதுவரை தெரியாது.

டிசம்பர் முதல் நாளில் A வரிசையின் அதிகபட்சக் காத்திருப்பு 34 நிமிடம். ஆனால் டிசம்பரில் வாழ்நாள் சான்றுக் கூட்டம் குறைவு என்பதால் இதை நவம்பரோடு நேராக ஒப்பிடக்கூடாது. நவம்பர் பதிவைக் காகிதத்தில் ஓட்டிக் கிடைத்த அரை மணியைத்தான் நான் நம்புகிறேன்.

மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை ஒரு டெல்லர் சாப்பிடப் போய்விட, ஒரே கவுன்ட்டர் இருக்கும் நேரத்துக்கு இன்னும் வழி பிடிபடவில்லை. அப்போது வருகிறவர்களுக்கு இயந்திரம் டோக்கன் தரும்போதே, சுமார் எத்தனை மணிக்கு அழைப்போம் என்று சீட்டில் அச்சிட்டுக் கொடுக்கிறோம். கொலுசுப் பட்டறைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போய், சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள்.